கீழே தமிழ் உண்டு

பால்வண்ணனுக்கு ரெஜினாவைப் பிடிக்காது. அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பிடிக்காது. அவள் என்ன தப்பு செய்தாள் என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. வந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான். சிலரைச் சிலருக்கு அப்படித்தான். பக்கத்து இலையில் பாயசம் விழுந்தால் தன் இலையில் பாதி குறைந்ததுபோல் இருக்கும்.

சிவகாசியில் காலண்டர் அச்சகங்களுக்குப் பஞ்சமா என்ன! அதில் ஒன்று வெயிலுகந்தாள் காலண்டர்ஸ். அங்கே வெளிநாட்டுக் கடிதப் பிரிவு என்று ஒன்று உண்டு. பிரிவு என்றால் ஏதோ பெரிய கூடம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் பால்வண்ணன். பாரிஸ், டொரன்டோ, சிங்கப்பூர், கோலாலம்பூர், மொரீஷியஸ், டர்பன் என்று உலகம் முழுக்க நானூற்றுப் பன்னிரண்டு கடைக்காரர்கள். தங்கள் கடைப் பெயரைப் போட்டு, தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டரை வாங்கி, தை பிறக்குமுன் வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பார்கள். அந்தந்த ஊர்ச் சூரிய உதயத்துக்கு ராகுகாலம் கணித்துத் தருவது வெயிலுகந்தாள்தான் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையின் அடியில் இருபத்தொரு வருஷமாக ஒரு பெயர் இருந்தது: ‘தங்கள் அன்புள்ள, பால்வண்ணன்.’

அந்தப் பெயர்தான் மனிதரின் சொத்து. வீடு வாடகை. ஸ்கூட்டர் பழசு. ஆனால் ஜூரிக்கில் ஒரு மளிகைக்கடைக்காரர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்புகிறார் என்றால் அது பால்வண்ணனுக்குத்தான் வரும், முதலாளிக்கு இல்லை.

முதலாளி தங்கமாரியப்பனை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். அவர் போன வருஷக் கணக்கைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். டொரன்டோ குறைந்திருந்தது, மொரீஷியஸ் பாதியாகியிருந்தது. ‘ஆங்கிலத்தில் எழுதுங்கள்’ என்று நாலைந்து பேர் பதில் போட்டிருந்தார்கள். அந்தப் பதில்களைப் பால்வண்ணன் அண்ணாச்சியிடம் காட்டவே இல்லை. ஒருநாள் அண்ணாச்சியே பார்த்துவிட்டார். அதற்குப் பிறகுதான் ரெஜினா வந்தாள்.

சாத்தூர்க்காரி. நாற்பத்து நாலு வயது. மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் கடிதம் எழுதிவிட்டு ஊர் திரும்பியவள். வந்த மூன்றாம் நாளே பழைய பதில்களை எல்லாம் திறந்து, யார் எந்த மொழியில் பதில் போட்டார்கள் என்று ஒரு பட்டியல் போட ஆரம்பித்தாள். பால்வண்ணனுக்கு வந்த கடிதங்களை அவள் படிப்பதாவது!

ஆடிப்பெருக்கன்று காலண்டர் மாதிரிகளைக் கோத்த புது ஆல்பம் வெளியிட்டு, அன்றைக்கே வெளிநாட்டுக்கு மின்மடல் போக வேண்டும். அதற்கு நாலு நாள் முன்னால் அண்ணாச்சி இருவரையும் கூப்பிட்டார்.

“ரெண்டு மொழியிலயும் ஒரே மடலாப் போகட்டும். ஆனா இந்தத் தடவ இங்கிலீஷ் மேல, தமிழ் கீழ. என்ன சொல்றீங்க?”

“அண்ணாச்சி, நம்ம வாங்குறவுக அத்தன பேரும் தமிழாளுக,” என்றார் பால்வண்ணன். “தமிழக் கீழ தள்ளிட்டு அவுககிட்டயே தமிழ்க் காலண்டர் விக்கப் போறோமா?”

“தமிழாளுகதான் சார். ஆனா மடலத் தெறக்குறது யாரு?” என்றாள் ரெஜினா. “டொரன்டோல அப்பா பேர்ல கடை, மடலப் பாக்குறது மகன். அவனுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. போன்ல மடல் வந்தா மொதல் ஒண்ணு ரெண்டு வரிதான் வெளிய தெரியும். உங்க மடல்ல அந்த எடத்துல என்ன இருக்கு தெரியுமா? ‘எல்லாம் வல்ல இறைவன் அருளால் தாங்களும் தங்கள் குடும்பத்தாரும்’... அதோட நின்னுருது. காலண்டர்ங்குற சொல்லே வரல.”

அண்ணாச்சி சிரித்துவிட்டார். சத்தமாகச் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை, அடக்கிக்கொண்டு சிரித்தார். பால்வண்ணனுக்கு அது சுருக்கென்று தைத்தது.

“நலம் விசாரிக்காம கடை விரிக்கச் சொல்றாக. மஸ்கட் பழக்கம்,” என்றார்.

“விசாரிங்க சார், வேணாங்கல. ரெண்டாவது பத்தியில விசாரிங்க.”

ரெஜினா பிறகு அவர் மேசைக்கே வந்தாள். அவள் ஒரேயடியாக எல்லோருக்கும் ஒரே மாதிரி அனுப்பச் சொல்லவில்லை, அதை நியாயமாகச் சொல்ல வேண்டும். சிங்கப்பூர், மலேசியாப் பட்டியலுக்குத் தமிழை மேலே வைத்துக்கொள்ளலாம் என்றாள். அங்கிருந்து வந்த பதில் முக்கால்வாசியும் தமிழ். மற்ற ஊர்களுக்கு இங்கிலீஷ் மேலே.

“பிரான்ஸ், சுவிஸ், ஜெர்மனி மட்டும் பிடிபடல சார். அறுபத்தி மூணு கடை. பதில் மடலே இல்ல. எல்லாம் உங்களுக்குப் போன்ல சொல்லிருக்காக போல. அவுகளுக்கு எது மொதல்ல வைக்க?”

இதோ, இந்த இடம்தான். அந்த அறுபத்து மூன்று பேரும் யாழ்ப்பாணத்தவர்கள். ஐரோப்பாவுக்குப் போய் பிரெஞ்சும் ஜெர்மனும் படித்தவர்கள். தமிழ் தெரியும், அந்த ஊர்ப் பாஷை தெரியும், இங்கிலீஷ் மட்டும் தெரியாது. உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் பால்வண்ணனுக்குத் தெரியும். ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்.

“வெளிநாடுதானம்மா. இங்கிலீஷ் தெரியாமயா இருப்பாக?” என்றார்.

சொன்ன வாய் வேகவில்லை. விழட்டும், அவள் இங்கிலீஷ் அந்த அறுபத்து மூன்றில் முட்டி விழட்டும், அண்ணாச்சி பார்க்கட்டும் என்று உள்ளே ஒரு குரல் குதியாட்டம் போட்டது. தன் மூக்கு போனாலும் எதிரிக்குச் சகுனப்பிழை ஆக வேண்டும் என்பார்களே, அந்த ரகம்.

“அப்போ இன்னொண்ணு சார். இங்கிலீஷ் மேல போற மடல்ல, தலைப்புல ஒரே ஒரு வரி தமிழ்ல போட்டுருவோம். ‘கீழே தமிழ் உண்டு’ன்னு. எறக்கிப் பாக்கணும்னு தெரியணும்ல. உங்க கையால நல்லா எழுதிக் குடுங்க.”

“என்னது? தமிழ் கீழன்னு நான் என் கையால எழுதணுமா?”

“சார், அது வழி சொல்றதுதான...”

“என் தமிழுக்கு வழிகாட்டிப் பலகை வேண்டாம். வேணுங்குறவன் தேடி வருவான். தலையே போனாலும் அந்த வரியப் போட விட மாட்டேன்!”

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. ரெஜினா, பெரியவர் மனம் நோகிறது என்று நினைத்திருப்பாள். “சரி சார், வேணாம்,” என்று போய்விட்டாள். அவள் செய்த ஒரே தப்பு அதுதான் என்று நான் சொல்வேன். மரியாதைக்காக ஒரு வரியை விட்டாள்.

ஆடிப்பெருக்கன்று மடல் போயிற்று. சிங்கப்பூர், மலேசியா போக மற்ற ஊர்களுக்கு மேலே இங்கிலீஷ்: புது ஆல்பம், படங்கள், ஆகஸ்ட் கடைசிக்குள் ஆர்டர் சொல்லுங்கள், அப்போதுதான் கடைப் பெயர் அச்சடித்து அக்டோபரில் தூத்துக்குடியில் கப்பலேற்ற முடியும், நவம்பர் கடைசியில் உங்கள் கையில். அதன் அடியில் ரெஜினா பெயர். அதற்கும் கீழே, இறக்கி இறக்கிப் போனால் தமிழ். தமிழின் அடியில், கிணற்றுக்குள் விழுந்த வாளிபோல், பால்வண்ணன்.

மறுநாளே பதில்கள் வந்தன. டொரன்டோவிலிருந்து ஒரே நாளில் ஏழு. மொரீஷியஸ் நான்கு. போன வருஷம் வாயே திறக்காத டர்பன்கூட. எல்லாம் ‘அன்புள்ள ரெஜினா’ என்று இங்கிலீஷில். ஒவ்வொரு மடல் வரும்போதும் கம்ப்யூட்டர் ஒரு சத்தம் எழுப்பும். பால்வண்ணன் காதுக்கு அது தன்னைப் பார்த்து யாரோ ‘ச்சு’ கொட்டுவதுபோல் கேட்டது.

வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மனைவி ஆவுடைத்தங்கம் கேட்டாள்:

“என்ன, அந்த ரெஜினா இன்னைக்கும் நல்லா வேல பாத்துட்டாளாக்கும்?”

“யார் சொன்னா?”

“உங்க மூஞ்சி சொல்லுது. அவ ஒரு நாள் லீவு போட்டாத்தான் இந்த வீட்டுல ரசத்துக்கு உப்பு சரியா இருக்கு.”

“உனக்கென்ன தெரியும்? இருபத்தொரு வருஷம்!”

“தெரியும், தெரியும். சாப்பிடுங்க. வயிறு எரியிறதுக்கு மோர்தான் மருந்து.”

மோர் குடித்தார். எரிச்சல் போகவில்லை. ஒன்றே ஒன்றுதான் அவருக்கு ஆறுதல்: பாரிஸ் பேசவில்லை. ஜூரிக் பேசவில்லை. அறுபத்து மூன்றில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. தினமும் காலையில் வந்ததும் அதைத்தான் பார்ப்பார். காலியாக இருக்கும். காபி இனிக்கும்.

ஆகஸ்ட் பாதியில் ரெஜினா பதறிப் போய் வந்தாள்.

“சார், ஐரோப்பாவுல ஒருத்தரும் பேசல. உங்ககிட்டதான நம்பர் இருக்கு, ஒரு போன் போட்டுப் பாப்பமா?”

“பிரான்ஸ்ல ஆகஸ்ட் மாசம் ஊரே லீவும்மா. தெரியாதா? கடலுக்குப் போயிருவாக. செப்டம்பர்ல தன்னால வரும்.”

அது பொய் என்றும் சொல்ல முடியாது. பிரெஞ்சுக்காரர்கள் ஆகஸ்டில் கடலுக்குப் போவார்கள்தான். தமிழ் மளிகைக்கடைக்காரன் எந்தக் கடலுக்குப் போனான்? ஆடி வெள்ளிக்கு வாழையிலை விற்கிறவன் கடையைச் சாத்துவானா? பால்வண்ணனுக்கு அதுவும் தெரியும். பாதி உண்மையைப்போல் வசதியான பொய் உலகத்தில் கிடையாது. ரெஜினா தலையாட்டிவிட்டுப் போனாள். ஆகஸ்ட் முடிந்தது.

செப்டம்பர் நாலாம் தேதி, அண்ணாச்சி எதிரில் உட்கார்ந்திருக்கும்போது பால்வண்ணனின் போன் அடித்தது. பாரிஸிலிருந்து இராசநாயகம். தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பகுதியில் கடை. இருபது வருஷப் பழக்கம். அவர் எங்கே காலண்டர் எடுக்கிறாரோ அங்கேதான் மற்ற கடைக்காரர்களும் எடுப்பார்கள். ஜூரிக் வரைக்கும் அவர் சொன்னால் சொன்னதுதான். அண்ணாச்சி, “ஸ்பீக்கர்ல போடுங்க” என்றார்.

“ஹலோ... ஆர் கதைக்கிறது?”

“நான் பால்வண்ணன்தான் பேசுறேன்.”

“கடவுளே! ஐயா, நீங்கள் இருக்கிறியளோ?” என்றார் இராசநாயகம்.

“ஏன், எனக்கென்ன?”

“என்ன ஐயா, ஒரு கடிதம் வந்தது. முழுக்க இங்கிலீசு. எனக்கும் என்ர மனிசிக்கும் ஒண்டும் விளங்கேல்லை. அடியில ஆரோ ஒரு பொம்பிளையின்ர பேர். இருவது வருசமா உங்கட பேர்தானே வரும்? ஐயா காலமாகிப் போட்டார், கம்பனியை வேற ஆக்கள் வாங்கிட்டினம் எண்டு நினைச்சம். மனிசி கோயில்ல உங்களுக்கெண்டு மோட்ச விளக்கெல்லாம் ஏத்தினவ, ஐயா! இண்டைக்குப் பழைய ஆல்பத்தைத் தூக்கி எறிய எடுத்தனான், உங்கட நம்பர் கிடந்தது, வீட்டு ஆக்களோட ஒருக்கா கதைப்பம் எண்டு...”

“கீழ தமிழ் இருந்துச்சே, இறக்கிப் பாக்கலையா?”

“கீழ இருக்கெண்டு ஆர் ஐயா சொன்னது?”

பால்வண்ணன் போனை அண்ணாச்சி பக்கம் நகர்த்தினார்.

“காலண்டர்?” என்று அண்ணாச்சி குனிந்து போனுக்குள் கேட்டார்.

“அது... வேற அச்சகத்திட்ட குடுத்திட்டம். போன கிழமைதான் காசும் கட்டினது. எல்லாக் கடையும்தான். நீங்கள் இருக்கிறியள் எண்டு தெரிஞ்சிருந்தா நான் விடுவனே ஐயா?” இராசநாயகம் அழுதுகொண்டே சொன்னார். ஆர்டர் கை மாறிப் போனதற்காக அழவில்லை அவர். செத்தவர் பிழைத்து வந்ததற்காக அழுதார்.

போன் வைத்ததும் அண்ணாச்சி ரெஜினாவைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தவில்லை. ஆல்பம் ஒட்டுகிற பெண்கள் வரைக்கும் கேட்டது.

“மஸ்கட்ல என்னத்தப் படிச்சீங்க? யாருக்கு எந்தப் பாஷ தெரியும்னு பாக்காம அனுப்புறதா? அறுபத்தி மூணு கடை! என் அப்பா காலத்துல இருந்து வாங்குறவுக! ஒரு போன் போட்டுக் கேக்கத் தோணலயா? ஆகஸ்ட் முழுக்க என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீக?”

பால்வண்ணன் இந்த நாளுக்காகத்தான் ஒரு மாதம் காத்திருந்தார். இப்போது அவள் சொல்வாள். ‘சார்கிட்டக் கேட்டேன், இங்கிலீஷ் தெரியும்னாரு. வரி போடச் சொன்னேன், விடல. போன் போடச் சொன்னேன், லீவுன்னாரு.’ மூன்றும் உண்மை.

ரெஜினா நிமிர்ந்து அவரை ஒரு தடவை பார்த்தாள். அண்ணாச்சியைப் பார்த்தாள்.

“தப்புதான் அண்ணாச்சி. நானே போன் போட்டுருக்கணும்.”

அவ்வளவுதான் சொன்னாள். அவள் விழுந்தாள், ஆனால் அவர் நினைத்தபடி விழவில்லை. இங்கிலீஷ் தெரிந்ததற்காக அவள்மேல் பொறாமைப்பட்டவர், அந்த நிமிஷம் வாயை மூடிக்கொள்ளத் தெரிந்ததற்காகவும் பொறாமைப்பட்டார். சீ, என்ன மனுஷன் என்று தனக்கே தோன்றியது. தோன்றியதே, அதுவே பெரிய காரியம்.

மத்தியானம் அவள் மேசைக்குப் போனார். அவள் டிபன் பாக்ஸைத் திறக்காமல் வைத்திருந்தாள்.

“ஏம்மா சொல்லல?”

“என்ன சொல்ல? நீங்க வேணும்னு செஞ்சீங்கன்னா? பிரான்ஸ்ல லீவுன்னு நீங்க சொன்ன அன்னைக்கே எனக்குச் சந்தேகம் சார். இருந்தாலும் பெரியவர், அப்படியெல்லாம் செய்ய மாட்டார்னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேன். என் புத்திய நான் செருப்பால அடிக்கணும், உங்கள இல்ல.” குரலில் கோபம் கொதித்தது. “போங்க சார். உங்க பேர்தான் மேல வந்துருச்சுல்ல. போய்ச் சாப்பிடுங்க.”

பால்வண்ணன் போய்ச் சாப்பிடவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்த அறுபத்து மூன்று பேருக்கும் ஒரு மடல் எழுதினார். வாழ்க்கையில் முதல் தடவையாக இறைவன் அருளை இரண்டாம் பத்திக்குத் தள்ளினார். முதல் வரி இப்படி இருந்தது: ‘பால்வண்ணன் உயிரோடுதான் இருக்கிறேன், சென்ற மாதம் உங்களுக்கு வந்த மடல் நம் நிறுவனத்தின் மடல்தான்.’ பிறகு எழுதினார்: ‘உங்களுக்கு ஆங்கிலம் பழக்கமில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் ரெஜினா கேட்டபோது நான் மறைத்தேன். கீழே தமிழ் உண்டு என்று ஒரு வரி சேர்க்க அவர் விரும்பினார், நான்தான் தடுத்தேன். பொறாமையால் செய்தேன். இந்த ஆண்டு ஆர்டர் கேட்டு இதை எழுதவில்லை. எனக்காக விளக்கேற்றியவர்களிடம் பொய்யோடு இருக்க முடியவில்லை.’

அச்செடுத்து ரெஜினாவிடம் நீட்டினார்.

“இதுக்குக் கீழ இங்கிலீஷ் போடும்மா. அண்ணாச்சிக்கும் ஒரு பிரதி போகணும்.”

அவள் படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

“அவுகளுக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே சார்?”

“அவுக பிள்ளைகளுக்குத் தெரியும்ல. நாளைக்கு அதுக கடையப் பாக்கும்.”

“சரி. பொறாமைங்குற வரிய இங்கிலீஷ்ல விட்டுறட்டா? அதுக்குப் பதிலா ‘தவறான புரிதல்’னு போட்டுருவோம். மரியாதையா இருக்கும். அண்ணாச்சிக்கு அத மட்டும் காட்டிக்கலாம்.”

ஆசையாகத்தான் இருந்தது. தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. யார் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்கள்?

“வேணாம்மா. மேல உள்ளது கீழயும் இருக்கணும். இல்லன்னா அது ஒரே மடல் இல்ல, ரெண்டு மடல்.”

அவள் தட்டச்சு செய்தாள். அந்தச் சொல் வந்த இடத்தில் அவள் விரல் நின்றதை அவர் பார்த்தார். நின்று, பிறகு அடித்தது. மடல் போயிற்று.

அண்ணாச்சி படித்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “நாளையில இருந்து வெளிநாட்டுக் கடிதம் பூராம் ரெஜினா பேர்லதான் போகும்,” என்றார். “தமிழ் நீங்க எழுதிக் குடுங்க. பேர் வேணாம்.”

இருபத்தொரு வருஷம் ஒரு வாக்கியத்தில் முடிந்தது. பால்வண்ணன் “சரி அண்ணாச்சி” என்றார்.

மூன்றாம் நாள் பாரிஸிலிருந்து பதில். நல்ல தமிழில், நீளமாக. பால்வண்ணன் ஆவலோடு எட்டிப் பார்த்தார். ‘மதிப்புக்குரிய ரெஜினா அம்மாவுக்கு’ என்று தொடங்கியிருந்தது. ‘எங்களுக்காக ஒரு வரி சேர்க்கக் கேட்ட உங்களை நாங்கள் அறியாமல் போனோம். அடுத்த வருடம் எல்லாக் கடைக்கும் உங்களிடம்தான் எடுப்போம்.’ அவருக்காகக் கடைசியில் ஒரு வரி: ‘ஐயாவைச் சுகம் கேட்டதாகச் சொல்லவும்.’

பொறாமை போய்விட்டதா என்றால், போகவில்லை ஐயா. பாறாங்கல்லாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. அவருடைய தமிழ் ஆட்கள், அவருடைய இருபது வருஷம், இப்போது அவள் பெயருக்குக் கும்பிடு போடுகிறது. அதுவும் அவர் எழுதிய மடலால்!

ரெஜினா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“பதில் எழுதணும் சார். இவருக்கு எது மேல?”

“தமிழ்.”

“டொரன்டோவுக்கு?”

“இங்கிலீஷ்,” என்றார். “நாலு வருஷமாத் தெரியும் எனக்கு.”

பதிலை எழுதத் தொடங்கினார். இராசநாயகத்துக்கு எப்படி எழுதினால் பிடிக்கும் என்று அவரைத் தவிர யாருக்குத் தெரியும்? முதல் வரியில் நன்றி, இரண்டாம் பத்தியில் நலம், விளக்கேற்றிய அம்மாவுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அருமையாக வந்தது. அவர் எழுதியதிலேயே நல்ல மடல் அதுதான் என்று பிற்பாடு ரெஜினா சொல்லுவாள். கடைசியில் ‘தங்கள் அன்புள்ள’ என்று அடித்து, ஒரு காற்புள்ளி வைத்து, அடுத்த வரிக்கு வந்தார். விரல் பழக்கத்தில் ‘பா’ அடித்துவிட்டது. அதை அழித்தார். அழித்த இடத்தில், ஒவ்வொரு எழுத்தாக, ரெஜினா என்று தட்டினார்.